திட்டச் செலவு எகிறுமா என்று கணிக்க மூன்று வழிகள்: எதை எப்போது நம்பலாம்

ஒரு ரயில் பாதையோ பாலமோ கட்டலாமா என்று முடிவெடுக்க உட்காரும்போது மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு தொகைதான். அந்தத் தொகைக்குள் வேலை முடியுமா, முடியாமல் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு, அதைச் சமாளிக்க எவ்வளவு கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நடைமுறையில் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். முதலாவது, மதிப்பீட்டின் மேல் பத்து சதவீதமோ இருபத்தைந்து சதவீதமோ எதிர்பாராச் செலவு என்று போட்டு முடித்துவிடுவது. இரண்டாவது, என்னென்ன தப்பாகலாம் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பும் தொகையும் கொடுத்து, கணினியில் மான்டே கார்லோ, அதாவது ஆயிரக்கணக்கான முறை பகடை உருட்டுவது போன்ற கணக்கு, ஓட்டிப் பார்ப்பது. மூன்றாவது, இந்தத் திட்டத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, இதே மாதிரி ஏற்கெனவே கட்டி முடித்தவை எல்லாம் தத்தம் மதிப்பீட்டை எவ்வளவு தாண்டின என்று பார்த்து, அந்தக் கணக்கை இதன் மேல் ஏற்றுவது. இதற்குத்தான் ரெஃபரன்ஸ் கிளாஸ் ஃபோர்காஸ்டிங் என்று பெயர். இங்கே ஒப்பீட்டு வகுப்பு முறை என்று வைத்துக்கொள்வோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுவதா வேண்டாமா, எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதற்கு மூன்றாவதை வைத்து முடிவெடுங்கள். முடிவெடுத்த பிறகு வேலையை நடத்துவதற்கு இரண்டாவது நல்ல கருவி. முதலாவது, திரும்பத் திரும்பச் செய்து பழகிய சின்ன வேலைகளைத் தவிர வேறெதற்கும் தேறாது. ஆனால் மூன்றாவதிலும் ஓட்டைகள் உண்டு, அவற்றைக் கடைசிவரை விடாமல் பார்ப்போம்.

பிரச்சினையின் வேர் ஆப்டிமிசம் பயாஸ், அதாவது நம்பிக்கைச் சாய்வு. நம் வேலையை நாமே திட்டமிடும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியைத்தான் மனம் கற்பனை செய்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதை எழுதி, மருந்தையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்: உள்ளே நின்று பார்க்காதே, வெளியே வந்து இதே வகையைச் சேர்ந்த மற்றவற்றுக்கு என்ன ஆனது என்று பார். பொதுத் திட்டங்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எண்கள் 2002-ல் வந்தன. டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர்க்கின் குழு 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்து, கட்டுவது என்று முடிவான நாளின் மதிப்பீட்டையும் கடைசியில் ஆன செலவையும் விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு ஒப்பிட்டது. பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. சராசரி தாண்டல் ரயிலில் 45 சதவீதம், பாலம் மற்றும் சுரங்கப்பாதைகளில் 34, சாலைகளில் 20. இது வெறும் தற்செயல் பிழை என்றால் பாதித் திட்டங்கள் மேலேயும் பாதி கீழேயும் விழுந்திருக்க வேண்டும், அதோடு வருடம் போகப் போகப் பிழையும் குறைந்திருக்க வேண்டும். எழுபது வருடத் தரவில் இரண்டுமே நடக்கவில்லை. அதனால் ஃப்ளூபியர்க் நம்பிக்கைச் சாய்வோடு இன்னொன்றையும் சேர்த்தார்: ஒப்புதல் வாங்குவதற்காகத் தெரிந்தே தொகையைக் குறைத்துக் காட்டுவது. இந்த இரண்டாவது ஆசாமியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்.

இனி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டிராம். மூன்று வழிகளுமே ஏதாவது ஒரு கட்டத்தில் எட்டிப் பார்த்த திட்டம் அது, அதனால் ஒப்பிட வசதி.

2004-ல் அந்த நகரத்தில் இரண்டாவது டிராம் பாதைக்கான அடிப்படை மதிப்பீடு 255 மில்லியன் பவுண்ட். அதன் மேல் எதிர்பாராச் செலவுக்கு 25 சதவீதம், அதாவது சுமார் 64 மில்லியன் சேர்த்து 320 மில்லியன் என்று திட்டத்தை நடத்திய நிறுவனம் காட்டியது. இது முதல் வழி. 25 சதவீதம் என்றதும் தாராளமாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே வருடம் பிரிட்டனின் போக்குவரத்துத் துறைக்காக ஃப்ளூபியர்க் தயாரித்த வழிகாட்டி வெளிவந்திருந்தது. அதில் ரயில் வகுப்புக்கு 46 முடிந்த திட்டங்களின் தாண்டல்களை வரிசையாக அடுக்கி ஒரு வளைகோடு போட்டிருந்தார்கள். தாண்டுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தால் பரவாயில்லை என்றால் அடிப்படை மதிப்பீட்டின் மேல் 40 சதவீதம் ஏற்ற வேண்டும், ஐந்தில் ஒரு வாய்ப்புதான் பொறுக்க முடியும் என்றால் 57 சதவீதம், பத்தில் ஒன்று என்றால் 68. துறையில் இந்த மூன்றையும் பி-50, பி-80, பி-90 என்பார்கள்.

அந்த டிராம் கணக்கை மறுஆய்வு செய்த ஓவ் அரப் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் இந்த வளைகோட்டை எடுத்துப் பொருத்தியது. அவர்கள் செய்ததில் முக்கியமான ஒரு அடி, எளிதாகத் தவறிவிடக்கூடியது: 320-ன் மேல் ஏற்றவில்லை. முதலில் 64 மில்லியனைக் கழற்றிவிட்டு 255-க்குப் போனார்கள். ஏற்கெனவே ஒதுக்கீடு சேர்ந்த தொகையின் மேல் மறுபடியும் ஏற்றினால் ஒரே ஆபத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அப்புறம் கணக்கு எளிது. 255-ஐ 1.40-ஆல் பெருக்கினால் 357 மில்லியன், இது பி-50. 1.57-ஆல் பெருக்கினால் 400 மில்லியன், இது பி-80.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம். 25 சதவீத ஒதுக்கீடு அந்த வளைகோட்டில் எங்கே உட்காருகிறது? பி-50-க்கே 40 வேண்டும், இது 25. அதாவது பழைய ரயில் திட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒதுக்கீட்டைத் தாண்டிப் போயிருக்கின்றன. 320-க்குள் முடியாமல் போக வாய்ப்பு பாதிக்கு மேல் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தட்டையான சதவீதத்தால் ஒருபோதும் சொல்ல முடியாத வரி இது. ஏனென்றால் அந்த 25 எங்கிருந்து வந்தது, எத்தனை முறை போதியது, எத்தனை முறை போதவில்லை என்ற தகவல் எதுவும் அதற்குள் இல்லை.

உங்களிடம் யாராவது வளைகோடு தயாரித்துத் தரவில்லை என்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாடத்துக்காக ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம்: பத்து பழைய திட்டங்கள், அவை தாண்டிய சதவீதம் சிறியதிலிருந்து பெரியதாக −5, 2, 8, 14, 20, 27, 38, 52, 75, 140. இப்போது கையில் இருக்கும் ஒதுக்கீடு 15 சதவீதம் என்றால், பத்தில் ஆறு திட்டங்கள் அதைத் தாண்டியிருக்கின்றன, ஆக வாய்ப்பு சுமார் 60 சதவீதம். ஐந்தில் ஒரு வாய்ப்புக்குக் குறைக்க வேண்டுமென்றால் எட்டாவது எண் வரை போக வேண்டும், அது 52. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் 37 என்று வந்திருக்கும், அந்த 140 ஒன்றே சராசரியை மேலே இழுத்துவிட்டது என்பதும் தெரியாமல் போயிருக்கும்.

சரி, இரண்டாவது வழிக்கு வருவோம். ஆபத்துப் பட்டியலும் மான்டே கார்லோவும் பார்ப்பதற்கு மிகவும் விஞ்ஞானபூர்வமாக இருக்கும், அதுதான் அதன் கவர்ச்சியும் ஆபத்தும். நிலத்தடிக் குழாய்களை இடம் மாற்றுவது தாமதமாகலாம் என்று ஒரு வரி, அதற்கு 30 சதவீத வாய்ப்பு, நடந்தால் இவ்வளவு செலவு. இப்படி ஐம்பது நூறு வரிகள். கணினி பத்தாயிரம் முறை பகடை உருட்டி, பி-80 இது, பி-90 இது என்று அழகான மணி வடிவ வளைகோட்டைக் கொடுக்கும். ஆனால் அந்த 30 சதவீதத்தை எழுதியது யார்? அதே திட்டக் குழு. நம்பிக்கைச் சாய்வு உள்ளீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது அதைப் பத்தாயிரம் முறை உருட்டினாலும் வெளியே போகாது. பட்டியலில் யாருக்கும் தோன்றாத ஆபத்துக்கு வரியே இருக்காது, அதன் செலவு பூஜ்யம் என்றே கணக்காகும்.

இதைவிட மோசமான, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு குறை, வரிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்வது. இதைக் கிட்டத்தில் பார்ப்போம். 100 அலகுச் செலவுள்ள ஒரு திட்டம், 25 சம வேலைகளாகப் பிரித்தாயிற்று, ஒவ்வொன்றும் 4 அலகு, ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவும், 0.8 அலகு. வேலைகள் தனித்தனியாக ஏறி இறங்கும் என்று வைத்தால் ஒன்றின் ஏற்றத்தை இன்னொன்றின் இறக்கம் ஈடுகட்டிவிடும், மொத்தத்தின் விலக்கம் வெறும் 4 அலகுதான் வரும், பி-80 என்பது சுமார் 103. ஆனால் நிஜத்தில் வரைபடம் முடியாமல் ஒப்பந்தம் போட்டால் எல்லா வேலையும் சேர்ந்துதான் எகிறும். வேலைகளுக்கு இடையே ஒட்டுறவு, அதாவது ஒன்று ஏறும்போது மற்றதும் சேர்ந்து ஏறும் அளவு, 0.5 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், மொத்தத்தின் விலக்கம் 14 அலகுக்கு மேல் போய்விடும், பி-80-ம் 112-க்குத் தாவிவிடும். உள்ளே ஒரே ஒரு அனுமானம்தான் மாறியது. யாராவது உங்களிடம் மான்டே கார்லோ முடிவைக் கொண்டுவந்தால் முதலில் பி-50-க்கும் பி-90-க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ரயில் வகுப்பில் அந்த தூரம் 28 சதவீதப் புள்ளிகள். உங்களிடம் காட்டுவது நாலைந்து புள்ளி என்றால் எங்கேயோ ஒட்டுறவை விட்டுவிட்டார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

எடின்பரோவுக்கு அடுத்து நடந்தது இதுதான். முதலில் தனித்தனியாகத் திட்டமிட்டிருந்த பாதைகளின் பகுதிகளைச் சேர்த்து, விமான நிலையத்திலிருந்து நியூஹேவன் வரை என்று ஒரு கட்டமாகத் திட்டத்தை மாற்றினார்கள். 2007 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அதன் செலவு 498 மில்லியன், கையில் இருந்த நிதி 545 மில்லியன். அந்த 498-க்குள் ஆபத்துப் பட்டியலிலிருந்து பி-90 அளவில் கணக்கிட்ட ஒதுக்கீடு இருந்தது. நம்பிக்கைச் சாய்வுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. ஆபத்துகளை விவரமாகப் பட்டியல் போட்டாயிற்று, கொள்முதல் வேலையும் முன்னேறிவிட்டது, இனி அது எதற்கு என்பது வாதம்.

இந்த வாதத்துக்கு ஒரு பின்னணி உண்டு. பிரிட்டன் நிதித் துறையின் கிரீன் புக் வழிகாட்டி, மாட் மெக்டோனல்ட் நிறுவனம் 2002-ல் 50 பெரிய திட்டங்களை ஆராய்ந்து கொடுத்த எண்களை வைத்து ஒரு முறை சொல்கிறது. வழக்கத்துக்கு மாறான கட்டுமானப் பணி என்றால் உச்ச வரம்பு 66 சதவீதத்தில் ஆரம்பி, ஆபத்துக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சமாளித்ததாகக் காட்டக் காட்ட அதைக் குறைத்துக்கொண்டே வா, கீழ் வரம்பு 6 சதவீதம். காகிதத்தில் நியாயம்தான். நடைமுறையில் 66-க்கும் 6-க்கும் நடுவே எங்கே நிற்பது என்று முடிவு செய்வதும் அதே திட்டக் குழுதான். சமாளித்துவிட்டோம் என்று டிக் அடிக்கக் கை நீளும், ஒவ்வொரு டிக்குக்கும் ஒதுக்கீடு இறங்கும். எடின்பரோவில் கீழ் வரம்பையும் தாண்டி ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

2008 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானபோது வரைபடங்கள் முடியவில்லை, தெருக்களுக்கு அடியில் குழாய், கம்பி மாற்றும் வேலையும் முடியவில்லை. நிலையான விலை ஒப்பந்தம் என்றுதான் வெளியே பேச்சு, ஆனால் அந்த விலை சில அனுமானங்களின் மேல் நின்றது, அனுமானம் மாறினால் விலையும் மாறும். மாறத்தான் செய்தது. தகராறு, பாதியில் நின்றுபோன வேலை, 2011-ல் சமரசப் பேச்சு. கடைசியில் 2014 மே 31 அன்று வண்டி ஓடியபோது பாதை நியூஹேவன் வரை போகவில்லை, யார்க் பிளேஸோடு நின்றது, செலவு 776 மில்லியன். 498-ன் மேல் இது 56 சதவீதம், அதுவும் ஒதுக்கீடு சேர்ந்த தொகையின் மேல், அதுவும் நீளம் குறைந்த பாதைக்கு. பத்தில் ஒன்பது வாய்ப்பு தப்பாது என்று பி-90-ல் வைத்த கணக்கு இது. மிச்சமிருந்த நியூஹேவன் துண்டு 2023 ஜூனில்தான் திறந்தது, அதற்குத் தனியாக 207 மில்லியன். ஹார்டி பிரபு தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கையும் அதே 2023-ல் வந்தது, 776 என்ற கணக்கே குறைவு என்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2004-ல் வந்த 400 மில்லியனையும் 2014-ல் வந்த 776 மில்லியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒப்பீட்டு வகுப்பு முறையும் தோற்றுப்போனது என்று சிலர் சொல்வதுண்டு. அது வேறு பாதை, இது வேறு பாதை, விலைவாசி ஆண்டும் வேறு. ஒப்பிடவே கூடாது. நேர்மையாகக் கேட்க வேண்டியது, 2007-ல் அதே வளைகோட்டை மறுபடி எடுத்துப் பொருத்தியிருந்தால் முடிவெடுத்தவர்கள் எந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள் என்பதுதான். ஒதுக்கீட்டையே கழற்றாமல் 498-ன் மேல் 40 சதவீதம் ஏற்றினாலே 697 வருகிறது. கழற்றிவிட்டுப் போட்டால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 545-க்குள் அடங்காது. திட்டம் அப்போது நின்றிருக்குமா, தெரியாது, ஆனால் பணம் போதும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது மூன்றாவது வழியின் ஓட்டைகள். முதல் சிக்கல் வகுப்பைத் தேர்வதில். டிராமை ரயிலோடு சேர்ப்பதா, தெருவில் ஓடும் இலகு ரயில்களை மட்டும் பார்ப்பதா? வகுப்பைச் சுருக்கினால் ஒற்றுமை கூடும், எண்ணிக்கை குறையும். 46 திட்டங்கள் என்பதே பெரிதில்லை. பி-90 என்பது அதில் மேலே உள்ள நாலைந்து திட்டங்களின் மேல் நிற்கிறது, இரண்டு திட்டம் மாறினால் 68 என்பது வேறு எண்ணாகிவிடும். நான் பி-80 வரை நம்புவேன், அதற்கு மேல் ஒரு திசைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அந்த இரண்டாவது ஆசாமியும் இங்கேதான் வருவார். தொகையைக் குறைத்துக் காட்ட நினைப்பவர் எங்கள் திட்டம் தனி ரகம், அந்தத் தோல்விகளோடு எங்களைச் சேர்க்காதீர்கள் என்று வகுப்பைச் செதுக்கிக்கொண்டே போவார், கடைசியில் நன்றாக முடிந்த மூன்று திட்டங்கள்தான் மிஞ்சும். வகுப்பைத் திட்டக் குழு தேர்ந்தெடுக்கக் கூடாது, மதிப்பீட்டைப் பார்ப்பதற்கு முன்பே வெளியாள் ஒருவர் தேர்ந்து எழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், எந்தக் கட்டத்து மதிப்பீடு என்பது. அந்தப் போக்குவரத்து வளைகோடுகள் கட்டுவது என்று முடிவான நாளின் மதிப்பீட்டிலிருந்து அளந்தவை. உங்கள் கையில் இருப்பது வெறும் சாத்தியக்கூறு ஆய்வின் தொகை என்றால் 57 சதவீதம் போதவே போதாது, ஏனென்றால் முடிவெடுப்பதற்கு முன்னாலேயே தொகை ஒரு சுற்று ஏறிவிடும். மாறாக, வேலை பாதி முடிந்துவிட்டது என்றால் முழு ஏற்றமும் வேண்டியதில்லை, மிச்ச வேலையின் மேல்தான் கணக்குப் போட வேண்டும். இதோடு விலைவாசியையும் பாருங்கள். வளைகோடு விலைவாசி கழித்தது, நீங்கள் அதை விலைவாசி சேர்ந்த தொகையின் மேல் ஏற்றினால் குழப்பம்தான்.

நான் சொன்ன வரிசைக்கே எதிராக ஒரு நாடு நிற்கிறது, அதையும் பார்த்துவிட வேண்டும். நார்வே 2000-லிருந்து பெரிய அரசுத் திட்டங்களை நாடாளுமன்றத்துக்குப் போகும் முன் வெளி ஆலோசகர்களிடம் கட்டாயமாகச் சரிபார்க்கக் கொடுக்கிறது. அவர்கள் பெரும்பாலும் செய்வது இரண்டாவது வழி, அதாவது ஆபத்துகளை வைத்துப் போடும் நிகழ்தகவுக் கணக்கு. இருந்தும் சுமார் ஐந்தில் நான்கு திட்டங்கள் நாடாளுமன்றம் கொடுத்த வரம்புக்குள் முடிகின்றன. அப்படியானால் மான்டே கார்லோ வேலை செய்கிறதே? செய்கிறது, எண்களை எழுதுபவர் திட்டத்தால் லாபமடைபவர் இல்லை என்றால். எடின்பரோவில் இல்லாதது அதுதான். இன்னொன்று, நார்வேயிலேயே ஆராய்ந்தவர்கள் சொல்வது, அந்தச் சரிபார்ப்புக்கு வருவதற்கு முந்தைய வருடங்களில், யோசனையாக இருந்த காலத்தில், தொகை ஏற வேண்டியதெல்லாம் ஏறிவிடுகிறது என்று. அந்தக் கட்டத்தில் பட்டியல் போட விவரமே இருக்காது, வகுப்பு முறை ஒன்றுதான் கைகொடுக்கும்.

ஆகவே வெளியாள் கணக்கிடும் வசதி இருந்தால் இரண்டையும் போடச் சொல்லுங்கள், இரண்டு பி-80-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி. பட்டியல் கணக்கு வகுப்புக் கணக்கைவிட ரொம்பக் கீழே வந்தால், ஏன் என்று அவர்கள் விளக்கட்டும், அந்த விளக்கம் வரும்வரை மேலே உள்ள எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். சமாளித்துவிட்டோம் என்று சொன்னால் போதாது. குழாய் மாற்றும் வேலை முடிந்துவிட்டதா, வரைபடம் முழுதாகக் கையில் இருக்கிறதா என்று நடந்து முடிந்த காரியத்தைக் காட்டினால் மட்டும் குறைக்கலாம்.

கடைசியாக வரும் நியாயமான ஆட்சேபணை: 57 சதவீதம் கூடுதலாக ஒதுக்கினால் அது முழுவதும் செலவாகிவிடாதா? செலவாகும், அந்தப் பணம் திட்டத்தை நடத்துபவர் கையில் இருந்தால். ஒப்பந்தக்காரருக்கு அந்த எண் தெரிந்துவிட்டால் பேரமும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நார்வேக்காரர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் பி-85 அளவுக்கு வரம்பு கொடுக்கும், வேலையை நடத்தும் நிறுவனத்துக்கோ பி-50-தான் இலக்கு, இரண்டுக்கும் நடுவே உள்ள தொகை அமைச்சகத்திடம் இருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். நீங்கள் ஒப்புதல் கொடுக்கும் இடத்தில் இருந்தால், எந்த வழியில் கணக்கிட்டார்கள் என்று கேட்டு முடித்த கையோடு, அந்த நடுத்தொகைக்கான காசோலையில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.